ஊசியும் அதே

சிஸ்டர் வாயைத் திறந்தால் முதலில் வருவது 'பயப்படாதீங்க' என்பதுதான். அந்தச் சின்ன சர்க்கரை நோய்க் கிளினிக்கில் பல வருஷமாக நர்ஸ் வேலை. விரல் நுனியைக் குத்தி ரத்தம் எடுக்கும் முன் பயப்படாதீங்க என்பாள், எடுத்த பிறகும் பயப்படாதீங்க என்பாள். வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அடுப்பைப் பார்த்துக்கூட அதையே சொல்வாள் என்று அவள் புருஷன் கேலி செய்வதுண்டு.

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்காக கிளினிக் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தது. நடத்துவது சிஸ்டர். டாக்டர் பெயருக்கு அதில் இருந்தார். தினமும் விடியுமுன் பூப்படம் அனுப்பும் ஒருவர் இருந்தார். அவருக்கு 'குட்மார்னிங் தாத்தா' என்றே பெயர். எந்தச் செய்தி வந்தாலும் சொந்தக்காரர், பழைய கூட்டாளி, பக்கத்துக் கடைக்காரர் என்று ஒருத்தர் விடாமல் அனுப்பிவைக்கும் பேக்கரி மாமா இருந்தார். எதற்கெடுத்தாலும் பதறும் டைலர் அக்கா இருந்தாள். சிஸ்டர் எழுதுவதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிற கணக்கு சார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சிஸ்டர் ஒன்று சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

குழுவில் 'ஆபத்து', 'தவறு' போன்ற வார்த்தைகள் வரவே கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். அதற்குக் காரணம் இருந்தது. முன்பொரு தடவை, ஏதோ ஒரு இன்சுலினைக் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கிறார்கள் என்று யாரோ பேசிய ஆடியோ எங்கிருந்தோ வந்து விழுந்தது. உண்மையா பொய்யா என்று விசாரிக்கக்கூட ஆள் இல்லை. பாதிப் பேர் ஊசியை நிறுத்திவிட்டார்கள். பேக்கரி மாமாவின் மனைவி சர்க்கரை ஏறி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அதிலிருந்து குழுவில் யாராவது தும்மினால்கூட டாக்டர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அன்று காலை கிளினிக்கின் மருந்துக் கவுன்டரில் வழக்கமான இன்சுலின் தீர்ந்துபோய், சப்ளையர் வேறு சரக்கு அனுப்பியிருந்தார். அதே கம்பெனி, அதே மருந்து. டப்பாதான் பச்சையாக இல்லாமல் நீலமாக இருந்தது. கவுன்டரில் இருந்த மருந்துக்காரர் கணக்கு சார் உட்பட வந்தவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் கொடுத்தார். மதியம் பேக்கரி மாமா குழுவில் டப்பாவின் படத்தைப் போட்டுக் கேட்டார்: 'கலர் மாறியிருக்கே சிஸ்டர், அதே மருந்துதானா?'

அந்த நேரத்தில் சிஸ்டருக்கு முன்னால் ஒரு நீள வரிசை உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் பஞ்சு, ஒரு கையில் போன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் டப்பா நிறத்தை மாற்றுவதும் ஜனங்கள் பதறுவதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. கட்டைவிரலால் தட்டினாள்: 'அதே மருந்துதான். டப்பா மட்டும் மாறியிருக்கு. யூனிட்டும் அதே, ஊசியும் அதே. பயப்படாதீங்க.'

கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கணக்கு சார் வழக்கம்போல் முதலில் 'நன்றி' என்று எழுதியிருந்தார். சிஸ்டர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் மருந்துக்காரர் காலையில் வந்த அட்டைப் பெட்டியைக் காலி செய்து மடக்கப் போனார். அடியில் இருந்த காகிதத்தை எடுத்தால், கீழே ஊசிக் கட்டுகள். அவர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரிடம் வந்தார்.

"அக்கா, நாம சிகப்பு மூடி ஊசிதானே கேட்டிருந்தோம்? ஆரஞ்சு மூடி வந்திருக்கு. திருப்பி அனுப்பிடவா?"

சிஸ்டர் ஒரு நொடி அவர் கையையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு நீல டப்பாவை எடுத்து லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். நூறு என்று போட்டிருந்தது. பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தது. மதியம் பேக்கரி மாமா அனுப்பிய படத்திலும் அது தெளிவாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். இதுவரை கொடுத்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் மருந்து. சிகப்பு மூடி ஊசியில் உள்ள கோடுகள் அதற்கென்று போட்டவை. புதுப் பாட்டிலில் அதே ஒரு மில்லிக்கு நூறு யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. புதுப் பாட்டில் மருந்தைப் பழைய ஊசியில் இருபது என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது ஐம்பது. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். ஆள் மயங்கி விழலாம், எழுந்திருக்காமலும் போகலாம்.

"காலையில வாங்கினவங்க யாருக்காவது இந்த ஊசியைக் கொடுத்தீங்களா?"

"இது இருக்கிறதே இப்பதானே தெரியும்?" என்ற மருந்துக்காரரின் முகம் சொல்லும்போதே மாறிவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது.

காலை ஊசியை எல்லாரும் வீட்டில் பழைய பாட்டிலிலிருந்து போட்டிருப்பார்கள். புதுப் பாட்டிலை உடைப்பது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால்தான். இன்னும் நேரம் இருக்கிறது என்று சிஸ்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லாதவர். கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மதியம் போட்டதை அழிச்சிடுங்க, முதல்ல."

"எல்லாரும் படிச்சாச்சு டாக்டர். அழிச்சா, 'நீக்கப்பட்டது'ன்னு ஒரு வரி நிக்கும். என்ன நீக்கினாங்க, ஏன் நீக்கினாங்கன்னு ஆரம்பிப்பாங்க. படிச்சது அவங்க மனசுல அப்படியேதான் இருக்கும்."

"மாத்தி எழுத முடியாதா?"

"அதுக்குக் கால் மணி நேரம்தான் டைம். எப்பவோ போச்சு."

"சரி, அப்போ புதுசா ஒண்ணு போடுங்க. ஆனா பதமா போடுங்க, புரியுதா? தப்பு கிப்புன்னு எழுதி வைக்காதீங்க. போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கில்ல? தப்பான மருந்துன்னு கிளப்பிவிட்டுடுவாங்க. பழைய டப்பா வச்சிருக்கிறவங்ககூட ஊசியைத் தூக்கிப் போட்டுடுவாங்க. புது ஊசி வந்திருக்கு, வந்து வாங்கிக்குங்கன்னு சொல்லுங்க. போதும்."

சிஸ்டருக்கு அது சரி என்றுதான் பட்டது. உண்மையைச் சொன்னால், அது சரி என்று பட அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. இத்தனை வருஷம் அவள் எழுதியதில் ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. அவள் எழுதினால் வேதவாக்கு என்று பேக்கரி மாமாவே குழுவில் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் போய் 'நான் தப்பாச் சொல்லிட்டேன்' என்று எழுதுவதை நினைத்தாலே கூசியது. பதமாக எழுதினால் பயமும் இல்லை, மானமும் போகவில்லை. நின்றபடியே எழுதிப் போட்டாள்:

'அன்பு நண்பர்களே, புதிய நீல டப்பா இன்சுலினுக்கு ஏற்ற ஆரஞ்சு மூடி ஊசிகள் நம் கிளினிக்கில் வந்துள்ளன. புதிய டப்பா வாங்கியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும். நன்றி.'

உடனே கட்டைவிரல்கள் நிமிர்ந்து வந்தன. 'சூப்பர் சிஸ்டர்' என்று ஒருவர். குட்மார்னிங் தாத்தா அந்த நேரத்திலும் ஒரு பூ அனுப்பினார். சிஸ்டருக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. வெளியில் காலில் புண்ணோடு ஒரு பெரியவர் ரொம்ப நேரமாகக் காத்திருந்தார். கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துப் புதுக்கட்டுப் போடுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

குழுவில் ஒருத்தர்கூடப் பதறவில்லை. பதற வேண்டியவர்களும் பதறவில்லை. 'ஊசி இலவசமா சிஸ்டர்?' என்று ஒரு கேள்வி. 'இந்த வாரக் கடைசியில் வந்து வாங்கிக்கறேன்' என்று டைலர் அக்கா. 'மதியம் அதே ஊசின்னு சொன்னீங்களே? சரி, ரெண்டும் ஒண்ணுதான் போல' என்று ஒருவர் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே கணக்கு சார்:

'தகவலுக்கு நன்றி. என்னிடம் பழைய ஊசிகள் நிறைய இருக்கின்றன. வீணாக்க வேண்டாம். அவை தீர்ந்ததும் புதியதைப் பெற்றுக்கொள்கிறேன்.'

அதை அவர் எழுதி நேரமாகியிருந்தது. கணக்கு சார் பொழுது சாயும்போதே சாப்பிட்டுவிடுகிறவர். அது கிளினிக்கில் எல்லாருக்கும் தெரியும்.

சிஸ்டர் அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. "அண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் மருந்துக்காரர் கவுன்டரைத் திறந்துபோட்டபடி ஓடி வந்தார்.

"காலையில நீல டப்பா யாருக்கெல்லாம் பில் போட்டீங்களோ, ஒருத்தர் விடாம போன் பண்ணுங்க. 'ஊசி போட்டாச்சா'ன்னு முதல்ல கேளுங்க. போடலைன்னா சிகப்பு மூடியில எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. போட்டாச்சுன்னா உடனே இனிப்பா எதையாவது சாப்பிடச் சொல்லிட்டு டாக்டர்கிட்ட கொடுங்க. கணக்கு சாரை நான் பார்த்துக்கறேன்."

அவர் போனதும் குழுவைத் திறந்து, நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்படி பூட்டினாள். இல்லாவிட்டால் அவள் எழுதுவது பூக்களுக்கும் கும்பிடுகளுக்கும் அடியில் புதைந்துபோகும். மதியச் செய்தியைப் பிடித்து அதற்கே பதிலாக எழுதலாமா என்று விரல் போனது. வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். அப்படி எழுதினால் பழைய வரி மேலே ஒட்டிக்கொண்டு வரும். முதல் வரியை மட்டும் படிக்கிறவர்கள் பாதிப் பேர். 'ஊசியும் அதே' என்பதையே இரண்டாம் தடவை படித்துவிட்டுப் போவார்கள்.

அடுத்தது என்ன எழுதுவது என்பது. மதியம் அவள் எழுதியதில் மருந்து அதே என்பது சரி, யூனிட் அதே என்பது சரி. ஊசி ஒன்றுதான் தப்பு. 'நான் சொன்னது தவறு' என்று மொட்டையாகப் போட்டால் மருந்தே தப்பு என்று எடுத்துக்கொள்வார்கள், டாக்டர் பயப்பட்டதுபோல் நிறுத்திவிடுவார்கள். தப்பு என்று போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறாளே. யாருக்கு, என்ன செய்யக்கூடாது, அதற்குப் பதில் என்ன செய்வது, எது மாறவில்லை என்று வரிசையாக யோசித்து வேகமாக எழுத ஆரம்பித்தாள். டாக்டர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"தவறுன்னு எழுதறீங்களே சிஸ்டர்?"

அவள் திரையை மேலே நகர்த்தி, கணக்கு சார் எழுதியிருந்ததைக் காட்டினாள். டாக்டர் அதைப் படித்தார். ஒரு தடவைதான் படித்தார்.

"போடுங்க," என்றார். "கிளினிக் திறந்தே இருக்கும்னும் சேர்த்துக்குங்க. என் நம்பரையும் போடுங்க."

அவள் போட்டது இது:

'இன்று காலை நம் கிளினிக்கில் நீல டப்பா இன்சுலின் வாங்கியவர்களுக்கு மட்டும்.

நீல டப்பா மருந்தைப் பழைய சிகப்பு மூடி ஊசியில் எடுக்காதீர்கள். அளவு இரண்டரை மடங்கு ஆகிவிடும். ஆரஞ்சு மூடி ஊசியில் மட்டும் எடுங்கள்.

வீட்டில் பழைய பச்சை டப்பா மருந்து மிச்சம் இருந்தால், இன்று இரவு அதையே பழைய ஊசியில் வழக்கம்போல் போடுங்கள். இல்லாவிட்டால் கிளினிக்குக்கு வாருங்கள் அல்லது கூப்பிடுங்கள், ஊசி தருகிறோம். திறந்தே இருக்கும்.

நீல டப்பா மருந்தைச் சிகப்பு மூடி ஊசியில் ஏற்கெனவே போட்டுவிட்டால், இப்போதே இனிப்பு சாப்பிட்டுவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்து நல்ல மருந்து. உங்கள் யூனிட் எண்ணிக்கை மாறவில்லை. யாரும் இன்சுலினை நிறுத்த வேண்டாம். பச்சை டப்பா வைத்திருப்பவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

மதியம் "ஊசியும் அதே" என்று நான் எழுதியது தவறு. படத்தைச் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன். அந்தச் செய்தியை நீக்குகிறேன். அதை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால், இதையும் அவர்களுக்கு அனுப்புங்கள்.'

கீழே டாக்டரின் எண். அதையே வாயால் நிதானமாகப் பேசி, படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஒரு குரல் செய்தியும் போட்டாள். எழுதியதைக் குழுவின் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்து வைத்தாள். பழையது இரண்டையும் அழித்தாள். பிறகு ஆரஞ்சு மூடி ஊசியில் ஒரு கட்டு, குளுக்கோஸ் பொட்டலம், சர்க்கரை பார்க்கும் மிஷின் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியெல்லாம் அவள் தன்னைத் திட்டிக்கொண்டே போனாள். படத்தைப் பெரிதாக்க இரண்டு விரல் போதும். அதைச் செய்யத் துப்பில்லை. சரி, மதியம் வேலை நெருக்கடி, கவனிக்கவில்லை. சாயங்காலம்? சாயங்காலம் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, யாருக்கும் வலிக்காமல் எழுதுகிறேன் பேர்வழி என்று தன் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் தப்பைவிட இரண்டாவதுதான் அவளை உறுத்தியது. சிக்னலில் நின்றபோது இன்னொரு தடவை போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

கதவைத் திறந்தது சாருடைய மனைவி. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. முன்னறையில் சார்ஜ் போட்டிருந்த போன் ஒரு மூலையில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"சார் ஊசி போட்டுட்டாரா அம்மா?"

"அப்பவே போட்டாச்சே. என்ன சிஸ்டர், நீங்களே வந்திருக்கீங்க?"

சார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அவளைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "வாங்க வாங்க" என்று குழறினார். யாரைக் கூப்பிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாத குரல்.

சிஸ்டர் பேசிக்கொண்டிருக்கவில்லை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். பார்த்ததும் குளுக்கோஸைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, அவர் தாடையைப் பிடித்து, "முழுங்குங்க சார், முழுங்குங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாருடைய மனைவி டிவியை அணைத்துவிட்டுச் சுவரோடு சுவராக நின்றாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலைக் குத்தினாள். கொஞ்சம் ஏறியிருந்தது. சார் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கைக்குட்டையைத் தேடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸ்டர்? நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பதான் சார். புது மருந்தைப் பழைய ஊசியில போட்டுட்டீங்க. அளவு கூடிப்போச்சு. அது இன்னும் பல மணி நேரம் உள்ள வேலை செய்யும். ஆஸ்பத்திரியில படுத்துக் குளுக்கோஸ் ஏத்திக்கணும். நான்தான் சார் தப்பா எழுதினேன். ஊசியும் அதேன்னு நான்தான் எழுதினேன்."

"அதான பார்த்தேன்," என்றார் சார். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்கில் ஓர் இடம் இடித்தது இப்போது புரிந்தது என்கிற மாதிரிதான் சொன்னார். "சாப்பிட ஆரம்பிச்சதும் கையெல்லாம் ஒதற ஆரம்பிச்சுது. இவ கிளினிக்குக்கு போன் பண்றேன்னா. நான்தான் வேண்டாம்னேன். நீங்க பயப்படாதீங்கன்னு போட்டிருந்தீங்களே. அதான் ஒக்காந்திருந்தேன்."

சிஸ்டர் மிஷினை மூடி, பையில் வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் சாருக்குப் படுக்கை கிடைத்து, கையில் சொட்டு மருந்து ஏற ஆரம்பித்த பிறகு டாக்டர் போனில் வந்தார். நீல டப்பா வாங்கியவர்கள் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் ஊசியில் மருந்தை இழுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது மருந்துக்காரரின் போன் போயிருக்கிறது. இன்னும் சிலரிடம் பழைய பாட்டில் மிச்சம் இருந்தது. சிலர் நேரில் வந்து ஊசி வாங்கிப் போனார்கள். டைலர் அக்கா மட்டும், இனி ஜென்மத்துக்கும் ஊசியே வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். 'மருந்து நல்ல மருந்து' என்ற வரியை மூன்று தடவை வாசித்துக் காட்டி டாக்டரே போட வைத்திருக்கிறார்.

"கலவரம் ஒண்ணும் ஆகலை சிஸ்டர்," என்றார் டாக்டர். அவர் குரலில் ஆச்சரியம் இருந்தது. "பச்சை டப்பாக்காரங்க யாரும் நிறுத்தலை. கேட்டாங்க, புரிஞ்சுக்கிட்டாங்க. மொதல்லயே நான் உங்களை இப்படி எழுத விட்டிருக்கணும்."

"நானும் எழுதணும்னு அடம் பிடிக்கலை டாக்டர்," என்றாள் அவள். அவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயம் இல்லை என்று பட்டது.

சாருக்கு இனிப் பயமில்லை, காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று டியூட்டி டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். குழு பூட்டியிருந்ததால் ஜனங்கள் தனித்தனியாக அவளுக்கு எழுதிக் குவித்திருந்தார்கள். கணக்கு சாரை ஆம்புலன்ஸில் ஏற்றியதைத் தெருவில் யாரோ பார்த்திருக்கிறார்கள். பேக்கரி மாமா நான்கு தடவை கேட்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டால் விடிவதற்குள் சாரைப் பாடையில் ஏற்றிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்வதானால், ஏன் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாருடைய மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை.

"அம்மா, சார் நல்லா இருக்கார்னு குரூப்ல போடலாமா? எல்லாரும் கேக்கறாங்க. நான் எழுதினதைப் பார்த்துப் போட்டதாலதான் இப்படி ஆச்சுன்னும் போடணும். சாரோட பேர் வேண்டாம்னா போடலை."

"அவர் பேரையே போடு. தெருவே பார்த்தாச்சு, இனிமே என்ன மறைக்க."

சிஸ்டர் எழுதினாள். 'என் தவறான செய்தியைப் பின்பற்றியதால் கணக்கு சாருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது. இப்போது நலமாக இருக்கிறார். நாளை வீடு திரும்புகிறார். மேலே நிற்கும் செய்தியில் எழுதியுள்ளதில் எந்த மாற்றமும் இல்லை.' அனுப்பும் முன் போனை அந்த அம்மாவிடம் நீட்டினாள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அனுப்பு," என்றாள். "எழுந்ததும் அவர் உன்னைக் கூப்பிட்டு, பரவாயில்லைன்னு சொல்வார். உன் மேல கோவமே இல்லைன்னு சொல்வார். அவர் சுபாவம் அது."

"தெரியும்மா."

"எனக்கு இருக்கு. நல்லாவே இருக்கு. ரெண்டு பேர் இருக்கிற வீடு அது. ஒரு ஆளை நீ தூக்கிட்டுப் போகப் பார்த்தே."

'பயப்படாதீங்க' போல ஏதோ ஒன்று சிஸ்டரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழக்கம். அதை அப்படியே விழுங்கினாள். மன்னிச்சுக்குங்க என்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்த அம்மா ஏதாவது கொடுத்தாக வேண்டியிருக்கும், அவளிடம் இன்று கொடுக்க ஒன்றும் இல்லை.

"ஆமாம்மா," என்றாள்.

அந்த அம்மா துணிப்பையைத் துழாவினாள். நீல டப்பாவையும், சிஸ்டர் கொண்டுவந்து கொடுத்திருந்த ஆரஞ்சு மூடி ஊசி ஒன்றையும் எடுத்து இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"இத்தனை வருஷம் அவர் போட்டுக்கிட்டார், நீ சொன்னே, நான் தலையிடலை. இனிமே நான் பார்க்காம அவர் போடக் கூடாது. இதுல எத்தனை யூனிட்னு எங்க போட்டிருக்கு? ஊசியில எங்க போட்டிருக்கு? எனக்குக் காட்டு."

சிஸ்டர் டப்பாவை எடுத்து, விளக்கு வெளிச்சம் விழும்படி திருப்பி, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மா அவள் விரலை நம்பவில்லை. டப்பாவைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணாடியை மூக்கின் மேல் சரியாக ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்து ஊசியை எடுக்கும்வரை சிஸ்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.